முழு வெளியேற்றமா, ஹெப்பா மறுசுழற்சியா, திறந்த யன்னலா? திருகோணமலையில் ஒரு தனிமைப்படுத்தல் அறைக்கான ஒப்பீடு

விடுதியின் ஓரத்தில் ஒரு பக்க அறை இருக்கிறது. நீளம் 5 மீற்றர், அகலம் 4, உயரம் 3. வெளிச்சுவரில் இரண்டு கண்ணாடி லூவர் யன்னல்கள், விடுதிப் பக்கத்தில் கட்டில் போகக்கூடிய 1.2 மீற்றர் கதவு, சுவரோரம் ஒரு ஸ்பிளிட் ஏசி, பக்கத்தில் இணைந்த கழிப்பறை. காசநோய், சின்னம்மை, தட்டம்மை என்று காற்றில் பரவும் நோயோடு வருபவரை இங்கே வைக்க வேண்டும், இதை, உள்காற்று விடுதிக்குள் கசியாதபடி அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் எதிர்மறை அழுத்த அறையாக மாற்ற எந்த வழி நல்லது? திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று எந்தப் பக்கத்து வைத்தியசாலையில் கேட்டாலும் கேள்வி ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். விலைப்பட்டியல் தருகிறவர் பெரும்பாலும் மின்விசிறியின் அளவிலிருந்து தொடங்குவார். நாங்கள் அறையின் ஓட்டைகளிலிருந்து தொடங்குகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, காற்று போகும் திசை. விடுதியிலிருந்து அறைக்குள் வர வேண்டும், ஒருபோதும் திரும்பிப் போகக்கூடாது. அமெரிக்க வழிகாட்டிகள் இதற்குக் கேட்கும் குறைந்தபட்ச அழுத்த வேறுபாடு 2.5 பாஸ்கல். கால் மில்லிமீற்றர் உயர நீரின் அழுத்தம்தான் அது. அவ்வளவு சிறியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இந்தச் சிறுமையிலிருந்தே வருகின்றன.

இரண்டாவது, காற்றுமாற்றம். புதிய அறைக்கு மணிக்கு 12 தடவை என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு, பழைய அறையில் 6 வரை பொறுத்துக்கொள்கிறார்கள். எங்கள் அறையின் கனவளவு 60 கன மீற்றர். ஆகவே 12 தடவை என்றால் மணிக்கு 720 கன மீற்றர். நோயாளி வெளியேறிய பிறகு காற்றில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 12 தடவையில் 23 நிமிடமும் 6 தடவையில் 46 நிமிடமும் எடுக்கும். 99.9 சதவீதத்துக்கு முறையே 35, 69 நிமிடங்கள். காற்று நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மூலையில் தேங்கும் காற்றுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

மூன்றாவது, வெளிக்காற்றின் வெப்பமும் ஈரமும். குளிர்நாட்டுக் கையேடுகளில் இது ஓரமாக வரும். எங்களூரில் தீர்ப்பை இதுதான் எழுதுகிறது. நான்காவது, மின்சாரம் நின்றால் அல்லது ஒரு மோட்டார் எரிந்தால் அறை எந்த நிலைக்குப் போகும் என்பது. ஐந்தாவது, கட்டிய பிறகு ஒவ்வொரு வாரமும் யார் எதைப் பார்க்க வேண்டும் என்பது.

## முதலில் ஓட்டையை அளவுங்கள்

அழுத்தத்தை உருவாக்குவது மின்விசிறி மட்டுமல்ல. உள்ளே விடுவதைவிடக் கூடுதலாக வெளியே எடுக்கும் காற்று எவ்வளவு, அது திரும்ப உள்ளே வரக் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்துதான் பாஸ்கலைத் தீர்மானிக்கின்றன.

```
Q = 0.83 × A × √ΔP
```

இதில் Q என்பது விநாடிக்குக் கன மீற்றர், A என்பது எல்லா ஓட்டைகளினதும் மொத்தப் பரப்பு சதுர மீற்றரில், ΔP என்பது பாஸ்கல்.

எங்கள் கதவின் அடியில் 1 சென்ரிமீற்றர், மற்ற மூன்று பக்கமும் 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் ஏறத்தாழ 280 சதுர சென்ரிமீற்றர். லூவர் யன்னல் மூடியிருந்தாலும் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி சாதாரணம். ஒரு யன்னலுக்கு 200 என்று எடுத்தால் இரண்டுக்கும் 400 சதுர சென்ரிமீற்றர். மொத்தம் 680. இந்த அறையிலிருந்து மணிக்கு 240 கன மீற்றர் காற்றை மட்டும் வெளியே இழுத்தால் கிடைப்பது 1.4 பாஸ்கல்தான். தேவையான அளவில் பாதி சொச்சம்.

அதே மின்விசிறியை வைத்துக்கொண்டு யன்னல்களை மட்டும் அடைத்துவிட்டால், மிஞ்சுவது கதவின் இடைவெளியும் அங்கங்கே உள்ள சிறு கசிவும், மொத்தம் 300 சதுர சென்ரிமீற்றர் என்போம். இப்போது அழுத்தம் 7 பாஸ்கலைத் தாண்டுகிறது. ஒரு மோட்டாரும் மாற்றவில்லை.

இனிக் காற்றைச் சேர்த்துப் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் மணிக்கு 18 கிலோமீற்றர் காற்று பெரிய விஷயமே இல்லை. அந்த வேகத்தில் காற்று மோதும் சுவரில் 8 முதல் 9 பாஸ்கல் வரை மேலதிக அழுத்தம் உருவாகும். அடைக்கப்படாத லூவர் யன்னல்கள் அந்தப் பக்கம் இருந்தால், 240 கன மீற்றரை மின்விசிறி இழுத்துக்கொண்டிருக்கும்போதே அறை விடுதியைவிட ஏறத்தாழ 1 பாஸ்கல் மேலே போய்விடும். மின்விசிறியின் சத்தம் கேட்கும், அறையின் காற்றோ கதவின் கீழால் விடுதிக்குள் போய்க்கொண்டிருக்கும். மார்கழியில் சோதித்துச் சரி என்று கையெழுத்திட்ட அறை ஆடியில் தோற்பது இப்படித்தான்.

இதற்குப் பெரிய மின்விசிறி போட்டால் என்ன என்று கேட்பார்கள். 720 கன மீற்றரை இழுத்தால், அடைக்காத அறைகூட அதே கச்சானில் மைனஸ் 8 பாஸ்கலில் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே வருவதில் பெரும்பகுதி யன்னல் இடுக்கு வழியாக வரும் சுடுகாற்று. ஏசி அதைச் சமாளிக்காது. நோயாளி வியர்த்துப்போய் கதவைத் திறந்து வைக்கச் சொல்வார். ஆகவே பின்வரும் முதல் இரண்டு தெரிவுகளுக்கும் நிபந்தனை ஒன்றே. லூவர்களைக் கழற்றி நிலைக்கண்ணாடி போட்டு, சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கன் பூசி, ஓட்டுக்குக் கீழ் பலகைச் சீலிங் இருந்தால் அதை மூட்டு அடைத்த ஜிப்சம் சீலிங்காக மாற்றி, வயரும் குழாயும் போகும் துளைகளை அடைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஏசியின் நீர் வடியும் குழாயும் ஒரு ஓட்டைதான், அதில் நீர் நிற்கும் வளைவு ஒன்று வேண்டும்.

## தெரிவு 1: முழு வெளியேற்றம்

அறைக்கு வரும் காற்று எதுவும் திரும்பச் சுற்றாது. குளிரூட்டிய வெளிக்காற்று 480 கன மீற்றர் கதவுக்கு அருகே மேலிருந்து உள்ளே வரும். கட்டிலின் தலைமாட்டில் தாழ்வாக உள்ள கிறில் வழியாக 720 கன மீற்றர் வெளியே போகும். இடையில் உள்ள 240 கதவிடுக்கு வழியாக வந்து சேரும். தாதியர் நிற்கும் இடம் சுத்தமான பக்கம், நோயாளியின் மூச்சு வெளியேறும் பக்கம். காற்றின் தரத்தை மட்டும் பார்த்தால் இதை விஞ்ச எதுவுமில்லை.

விலை வெப்பத்தில் இருக்கிறது. வெளியே 33 பாகை, 70 சதவீத ஈரப்பதன், உள்ளே 24 பாகை, 60 சதவீதம் என்று எடுத்தால், 720 கன மீற்றரைக் குளிர்விக்க மட்டும் ஏறத்தாழ 8.7 கிலோவாற்று குளிரூட்டல் தேவை. சந்தைக் கணக்கில் 30,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு. நோயாளி, கருவிகள், வெயில் படும் சுவர் ஆகியவற்றின் வெப்பம் இதற்கு மேலே. இதில் பாதிக்கு மேல் ஈரத்தை எடுக்கத்தான் போகிறது. மணிக்கு 9 லீற்றர் நீர் வடியும், அப்படியே நாள் முழுக்க ஓடினால் 200 லீற்றரைத் தாண்டும். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி இந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. அது ஏற்கனவே குளிர்ந்த அறைக்காற்றைச் சுற்றிக் குளிர்விப்பது. வெளிக்காற்றை நேரே எடுக்க ஆழமான கொயில் உள்ள தனி அலகு வேண்டும், அந்தக் கொயிலுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சும் வேண்டும். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் என்றால் பூச்சில்லாத அலுமினியத் தகடுகள் வெண்தூளாக உதிரத் தொடங்கும்.

மறைந்த செலவு இன்னொன்று வியர்வை. வெளிக்காற்று அந்த நிலையில் இருக்கும்போது 26 முதல் 27 பாகையில் நீராகப் படியத் தொடங்கும். 24 பாகைக் காற்றைக் கொண்டுபோகும் வெளியேற்றக் குழாய் சூடான சீலிங் மேற்பரப்பில் போனால் அதன் வெளிப்புறம் நனைந்து சொட்டும். வழங்கும் குழாய்க்குக் காப்பு போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியேற்றக் குழாய்க்கும் போட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சில மாதத்தில் சீலிங்கில் கறுப்புப் புள்ளிகள் வரும்.

மின்தடை வந்தால் இந்தத் தெரிவில் ஒரு ஆபத்து உண்டு. வெளியேற்றும் மின்விசிறி நின்று வழங்கும் மின்விசிறி ஓடினால் அறை உடனே நேர்மறை அழுத்தத்துக்குப் போய்விடும். ஆகவே வெளியேற்றத்தில் காற்றோட்டம் இருப்பதை உணரும் சுவிட்ச் இருக்க வேண்டும், அது ஓட்டத்தைக் காணாவிட்டால் வழங்கலை நிறுத்த வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் போகிறதா என்று மட்டும் பார்க்கும் இணைப்பு போதாது. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் ஓடும்.

இது பொருந்தும் இடம்: புதிதாகக் கட்டும் தீவிர சிகிச்சைப் பகுதி, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது போன்ற வேலைகள் அடிக்கடி நடக்கும் அறை, மின்பிறப்பாக்கியும் பராமரிப்புப் பிரிவும் சொந்தமாக உள்ள பெரிய வைத்தியசாலை.

## தெரிவு 2: குறைந்த வெளியேற்றமும் ஹெப்பா மறுசுழற்சியும்

வெளியே போவது மணிக்கு 240 கன மீற்றர், அதாவது 4 தடவை. மீதி 8 தடவைக்குரிய 480 கன மீற்றர் அறைக்குள்ளேயே, கிருமி மிதக்கும் நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள ஒரு அலகு வழியாகச் சுற்றும். தேவையான 12 கூட்டுத்தொகையில் கிடைத்துவிடுகிறது. வழங்கும் மின்விசிறியே இல்லை. 240 கன மீற்றரும் கதவுப் பக்கமிருந்து வரும். வெளிக்காற்றுச் சுமை 2.9 கிலோவாற்றாகச் சுருங்குகிறது. முதல் தெரிவோடு ஒப்பிட்டால் உச்ச வெப்பத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 அலகு மின்சாரம் மிச்சம். 18,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு ஸ்பிளிட் ஏசி ஒன்று பெரும்பாலான நாட்களுக்குப் போதும்.

எங்களுக்கு இதில் மிகவும் பிடித்த குணம் அது தோற்கும் விதம். வெளியேற்றம் நின்றால் அறை பூச்சியத்துக்குத்தான் வரும், நேர்மறைக்குப் போகாது, ஏனென்றால் உள்ளே தள்ளுவதற்கு எதுவுமில்லை. ஹெப்பா அலகு நின்றால் காற்றுமாற்றம் 4க்கு இறங்கும், திசை மாறாது.

குறைகளும் உண்மையானவை. கதவுப் பக்கம் திறந்த வராந்தாவாக இருந்தால் வருவது ஏறத்தாழ வெளிக்காற்றுத்தான். மூடிய விடுதியாக இருந்தால் அடுத்த நோயாளிகள் விட்ட மூச்சைத்தான் இழுக்கிறோம். அப்போது வெளிச்சுவரில் வடிகட்டி பொருத்திய சிறு உள்வழி ஒன்று கொடுக்க வேண்டும், அது அழுத்தத்தைக் குறைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரிய பிரச்சினை சத்தம். 480 கன மீற்றர் அலகு என்று வாங்கியது அந்த அளவைத் தருவது உச்ச வேகத்தில், புது வடிகட்டியோடு. இரவில் நோயாளி தூங்க முடியாமல் வேகத்தைக் குறைத்தால் 12 என்பது சத்தமின்றி 7 ஆகும், எந்த அலாரமும் அடிக்காது. இதற்குத் தீர்வு, தேவையைப்போல் இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள அலகை வாங்கி, நடு வேகத்தில் பூட்டி வைப்பது. அடுத்தது வைக்கும் இடம். அலகின் வெளிவாய் நேரே அதன் உள்வாயை நோக்கியிருந்தால் அதே காற்றையே சுற்றிச் சுத்தப்படுத்திக்கொண்டிருக்கும். கட்டிலின் தலைமாட்டில் உறிஞ்சி, எதிர்ச் சுவர்ப் பக்கம் மேல்நோக்கி விட வேண்டும்.

ஸ்பிளிட் ஏசி சுற்றும் காற்றைக் காற்றுமாற்றத்தில் சேர்க்கக் கூடாது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், காசநோய்க் கிருமி மிதக்கும் நுண்துளியைப் பிடிக்காது.

இது பொருந்தும் இடம்: ஏற்கனவே உள்ள விடுதி அறையை மாற்றும் வேலை. எங்கள் மாதிரி அறை இந்த வகைதான்.

## தெரிவு 3: திறந்த யன்னல்

இதை ஏழைகளின் தெரிவு என்று ஒதுக்குவது தவறு. காற்றில் பரவும் நோய்க்கான இயற்கைக் காற்றோட்ட அறைக்கு உலக சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டியில் கேட்பது நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 160 லீற்றர். எங்கள் அறையில் அது மணிக்கு 9.6 தடவைக்குச் சமம். அதே வழிகாட்டியின் கணக்குப்படி, எதிரெதிர்ச் சுவர்களில் குறைந்தது 1 சதுர மீற்றர் திறப்பு இருந்து, வெளியே விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால் 39 தடவை கிடைக்கும். எந்த மின்விசிறியும் இந்த விலைக்கு அதைத் தராது.

ஆனால் காற்று விநாடிக்கு 0.1 மீற்றராக அடங்கும் இரவில் அதே அறையில் 4 தடவைதான். வாடைக்காலத்தில் மழை சாய்ந்தடிக்கும்போது யாரும் யன்னலைத் திறந்து வைக்க மாட்டார்கள். இந்த மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. நுளம்பு வலை போடாமலும் இருக்க முடியாது. தூசி படிந்த வலை காற்றைக் கணிசமாக மறிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது திசை. கச்சானில் தென்மேற்கிலிருந்து வருவது வாடையில் வடகிழக்கிலிருந்து வரும். அரையாண்டு யன்னலால் வெளியேறும் காற்று மற்ற அரையாண்டு கதவால் வெளியேறும். கதவு மூடிய விடுதிக்குத் திறந்தால் இந்தத் தெரிவை எடுக்கவே வேண்டாம். கதவு திறந்த வராந்தாவுக்குத் திறந்து, வராந்தாவுக்கு அப்பால் முற்றமாக இருந்து, பக்கத்தில் வேறு விடுதியின் யன்னல் இல்லாமல் இருந்தால் மட்டும் இது முதல் தரமான தெரிவு.

பொருந்தும் இடம்: தனியாக நிற்கும் ஒருமாடிக் கட்டடம், மருந்து தொடங்கிய காசநோயாளர் வாரக்கணக்கில் தங்கும் இடம், மின்சாரத்தை நம்ப முடியாத சிறு வைத்தியசாலை. இதில் ஏசி போட்டால் யன்னல் மூடப்படும், யன்னல் மூடினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பாதி அது பாதி இது என்று கலக்கவே கூடாத இடம் இது.

| அளவுகோல் | முழு வெளியேற்றம் | ஹெப்பா மறுசுழற்சி | திறந்த யன்னல் |
|---|---|---|---|
| காற்றுமாற்றம், மணிக்கு | 12, நிலையானது | 4 வெளியே, 8 சுற்றி; வேகம் குறைந்தால் குறையும் | 4 முதல் 39 வரை, காற்றைப் பொறுத்து |
| திசை | உறுதி, அறை அடைபட்டால் | உறுதி, அறை அடைபட்டால் | பருவத்தோடு மாறும் |
| வெளிக்காற்றுக் குளிரூட்டல் | 8.7 கிலோவாற்று | 2.9 கிலோவாற்று | இல்லை |
| வெளியேற்றம் நின்றால் | நேர்மறையாகலாம் | பூச்சியம் | பாதிப்பில்லை |
| மறைந்த செலவு | கொயில், காப்பு, நீர் வடிகால் | சத்தம், வடிகட்டி, இடம் | மழை, வலை, இரவு அமைதி |

## முன்னறை வேண்டுமா

கதவு மூடியிருக்கும்போது 7 பாஸ்கல் காட்டும் அறை, கதவு திறந்த கணத்தில் பூச்சியம் காட்டும். எந்தக் கருவியும் அந்த நேரத்தில் காப்பாற்றாது. அதிலும் குளிரூட்டிய அறைக்கு எங்களூரில் தனியொரு பிரச்சினை உண்டு. உள்ளே 24 பாகை, வெளியே 33. குளிர்ந்த காற்று கனமானது, ஆகவே திறந்த கதவின் கீழ்ப்பாதியால் அறைக்காற்று வழிந்து வெளியேறும், மேல்பாதியால் சூடான காற்று உள்ளே வரும். 1.2 மீற்றர் கதவு 10 விநாடி திறந்திருந்தால் 3 முதல் 4 கன மீற்றர் வரை இப்படி வெளியேறலாம். 240 கன மீற்றர் வெளியேற்றம் திறந்த கதவில் உண்டாக்கும் வேகமோ விநாடிக்கு 3 சென்ரிமீற்றர்தான். அதனால் இந்த வழிதலைத் தடுக்க முடியாது.

எனவே முதல் இரண்டு தெரிவுகளுக்கும் முன்னறை தேவை என்றே சொல்கிறோம். மூன்றாவதற்குத் தேவையில்லை, அங்கே உள்ளும் வெளியும் ஒரே வெப்பநிலை. வராந்தாவின் ஓரத்தைத் தடுத்து 2 மீற்றருக்கு 2 மீற்றர் எடுத்தால் 12 கன மீற்றர் இடம். அதிலிருந்து மணிக்கு 120 கன மீற்றர் வெளியேற்றினால் 10 தடவை. விடுதியிலிருந்து முன்னறை மைனஸ் 4 அல்லது 5, அறை மைனஸ் 10 அளவில் நிற்கும்படி வைத்தால், ஒவ்வொரு படியும் 2.5ஐத் தாண்டும், ஏறி இறங்கி ஆடும் காற்றுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

முன்னறைக்குள் ஏசி போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவான வெப்பநிலையில் அது தானாக நின்றால் ஒவ்வொரு கதவிலும் வழிதல் குறையும். உள்ளே ஒரு நிமிடம் நின்றால் காற்று சுத்தமாகிவிடும் என்று நம்பவும் வேண்டாம், 10 தடவையில் ஒரு நிமிடத்துக்குப் போவது 15 சதவீதம்தான். முன்னறையின் வேலை, வழிந்ததை ஐதாக்கி விடுதிக்கு நேரே போகவிடாமல் வைப்பது. இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்காதபடி பூட்டிணைப்பு வேண்டும், அவசரத்துக்கு அதை விடுவிக்கும் பொத்தானும் வேண்டும்.

2 மீற்றர் முன்னறைக்குள் கட்டில் முழுதாக நிற்காது. கட்டில் போகும்போது இரண்டு கதவும் திறக்கத்தான் வேண்டும், நோயாளிக்கு முகக்கவசம் போட்டு அதைச் செய்யலாம். அது அடிக்கடி நடக்கும் இடமென்றால் முன்னறையை 3 மீற்றர் நீளமாக்குங்கள்.

பிரித்தானியாவில் முன்னறையை 10 பாஸ்கல் நேர்மறையாக வைத்து, அறையை நடுநிலையில் விடும் முறையும் உண்டு. நோய் எதிர்ப்பு குன்றியவரையும் தொற்றுள்ளவரையும் ஒரே அறையில் மாறி மாறி வைக்க அது உதவும். அங்கே முன்னறைக்குத் தரும் காற்று சுத்தமாகவும் தடையின்றியும் வர வேண்டும். பழைய விடுதியை மாற்றும்போது அதை எடுப்பதற்கு நாங்கள் ஆலோசனை சொல்ல மாட்டோம்.

## அழுத்தத்தைக் கண்காணிப்பது

விலை குறைந்த வழி, சுவர் வழியாகச் சற்றுச் சாய்த்துப் பொருத்திய கண்ணாடிக் குழாயும் உள்ளே ஒரு சிறு பந்தும். காற்று உள்ளே போனால் பந்து அறைப் பக்கம் போகும். மின்சாரம் வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும். அது எண்ணைச் சொல்லாது, பதிவும் வைக்காது, உப்புப் படிந்தால் பந்து ஒட்டிக்கொள்ளும்.

மின்னணு மானி வாங்கினால் அளவுவீச்சு 25 பாஸ்கலுக்குள் இருக்கட்டும். 250 பாஸ்கல் வரை அளக்கும் மானியில் 1 சதவீதப் பிழையே 2.5 பாஸ்கல், அதாவது நாங்கள் தேடும் முழு அளவு. ஒப்பீட்டுக் குழாயின் வாய் கதவு திறக்கும் அதே இடத்தில், காற்று வீசாத மூலையில் இருக்க வேண்டும். திறந்த வராந்தாவில் அதை வைத்தால் கச்சானில் எண் மைனஸ் 12க்கும் பிளஸ் 3க்கும் நடுவே துள்ளும், இரண்டு நாளில் தாதியர் அலாரத்தை அணைத்துவிடுவார்கள். அது அவர்களின் பிழையல்ல. அப்படியான இடத்தில் வராந்தாவை விட்டுவிட்டு, முன்னறைக்கும் அறைக்கும் இடையிலான வேறுபாட்டை அளவுங்கள். அலாரம் 45 விநாடியளவு தாமதித்து அடிக்கட்டும், ஆள் உள்ளே போய் வருவதற்கு அது போதும்.

மாதமொருமுறை இரு குழாய்களையும் மானியிலிருந்து கழற்றிப் பாருங்கள். எண் பூச்சியத்தில் நிற்க வேண்டும். ஒரு பாஸ்கல் விலகியிருந்தால் மீளச் சரிசெய்யாமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. அறையில் நோயாளி இருக்கும் ஒவ்வொரு நாளும் கதவின் அடியில் புகைக்குழாயோ மெல்லிய ரிஷூக் கீற்றோ பிடித்துப் பார்ப்பதும் நிற்கக் கூடாது. கீற்று உள்ளே வளைந்தால் சரி. மானி சரியான எண்ணைக் காட்டி, கீற்று வெளியே வளைந்தால் கீற்றையே நம்புங்கள்.

## வெளியேற்றக் குழாய்

மின்விசிறி குழாயின் கடைசியில், கூரையில் இருக்கட்டும். அப்போது கட்டடத்துக்குள் போகும் குழாய் முழுவதும் உறிஞ்சும் நிலையில் இருக்கும், மூட்டு விட்டாலும் காற்று உள்ளேதான் போகும். வாய் கூரைக்கு மேலே 3 மீற்றர், எந்த யன்னலுக்கும் ஏசி உள்வாய்க்கும் 7.5 மீற்றருக்கு அப்பால். அந்த இடைவெளி கிடைக்கும் தனிக் கட்டடத்தில் ஹெப்பா கட்டாயமில்லை. கிடைக்காவிட்டால், விடுதிகள் நெருங்கி நிற்கும் வளவில் பெரும்பாலும் கிடைக்காது, மின்விசிறிக்கு முன் ஹெப்பா வேண்டும்.

ஹெப்பாவைப் பெரிதாக வாங்குவது வீண் செலவல்ல. 610 மில்லிமீற்றர் சதுரமும் 292 ஆழமும் உள்ள வடிகட்டி மணிக்கு 1,700 கன மீற்றரில் 250 பாஸ்கல் தடை தரும் என்றால், 720 கன மீற்றரில் ஏறத்தாழ 105தான். 240இல் இன்னும் குறைவு. தடை குறைந்தால் மின்விசிறி சிறிது, வடிகட்டியின் ஆயுள் நீளம். அதற்கு முன் ஒரு முன்வடிகட்டி, இரண்டுக்கும் குறுக்கே ஒரு தடைமானி. வடிகட்டி அடைபடும் அளவுக்கு வெளியேற்றம் குறையும், வெளியேற்றம் குறைந்தால் அறையின் பாஸ்கலும் மெல்ல மெல்ல இறங்கும். ஒருநாளில் நடக்காததால் யாரும் கவனிப்பதில்லை. முழு வெளியேற்றத்தில் அடைந்த வடிகட்டிக்கும் முன்வடிகட்டிக்கும் குழாய்க்கும் சேர்த்து 500 பாஸ்கலில் 720 கன மீற்றர் தரும் மையவிலக்கு மின்விசிறி வேண்டும். பெட்டியில் 800 என்று போட்டுச் சந்தையில் விற்கும் சுவர் மின்விசிறி அந்த எண்ணைத் தருவது தடையே இல்லாத காற்றில். ஹெப்பாவை முன்னால் வைத்தால் அதில் காற்றே நகராது.

வாயில் தொப்பி போடாதீர்கள், அது காற்றைக் கூரையை நோக்கித் திருப்பிவிடும். மழைநீரைச் சுற்றியுள்ள உறை வழியாக வடியவிடும் நேர்குழாய் போதும். 720 கன மீற்றருக்கு 160 மில்லிமீற்றர் விட்டம் என்றால் காற்று விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் மேலே போகும். கடலோரத்தில் நாகம் பூசிய தகடு நிலைக்காது. 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கோ தடித்த பிவிசியோ எடுங்கள்.

## எங்கள் மாதிரி அறைக்கு

தெரிவு 2, முன்னறையோடு. 240 கன மீற்றரில் 80ஐ இணைந்த கழிப்பறையிலிருந்தும் 160ஐத் தலைமாட்டிலிருந்தும் எடுக்கலாம். முன்னறையின் 120 தனிக் கிளையாக அதே ஹெப்பாவுக்குப் போகும். மொத்தம் 360. மின்விசிறி மின்பிறப்பாக்கிச் சுற்றில், மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்கும்படி. கழிப்பறைத் தரை வடிகாலில் நீர் வற்றாமல் வாரமொருமுறை ஒரு வாளி நீர் ஊற்ற வேண்டும். வற்றினால் சாக்கடைக் காற்றைத்தான் அறை உறிஞ்சும், அழுத்தமும் இறங்கும்.

ஒப்படைக்கும் நாளில் மூன்று அளவு எழுத்தில் வேண்டும்: கிறில்களில் உண்மையில் போகும் காற்று, கதவுகள் மூடிய நிலையில் இரு படிகளின் பாஸ்கல், ஹெப்பாவின் புதுநிலைத் தடை. பிறகு கழிப்பறை மின்விசிறி, ஏசி, ஹெப்பா அலகு ஒவ்வொன்றையும் அணைத்தும் போட்டும், பக்கத்து விடுதியின் பெரிய மின்விசிறிகளை ஓடவிட்டும் திரும்ப அளக்க வேண்டும். வேலை தை மாதத்தில் முடிந்தால் ஒப்பந்தத்தின் கடைசிக் கொடுப்பனவில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, ஆடியில் கச்சான் வீசும் ஒரு பிற்பகலில் இதே அளவுகளை இன்னொரு தடவை எடுங்கள்.